சிங்க், பேக்கப், ரெப்ளிகேஷன்: சிறு அலுவலகத்தில் எது எதற்கு

சிங்க், பேக்கப், ரெப்ளிகேஷன் மூன்றுமே ஒரு கோப்பை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுசேர்க்கின்றன. முதல் இடத்தில் தவறு நேர்ந்தால் இரண்டாவது இடத்துக்கு என்ன ஆகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. சிங்க் அந்தத் தவறை அப்படியே மற்ற இடங்களுக்கும் அனுப்பிவிடும். ரெப்ளிகேஷன் அதைவிட வேகமாக, பெரும்பாலும் நொடிக்குள் அனுப்பும். பேக்கப்பில் மட்டும் தவறு நேர்வதற்கு முந்தைய நிலை தேதி வாரியாகத் தனியே நிற்கும். அலுவலகத்தில் எந்த ஏற்பாடு ஓடினாலும், அது இம்மூன்றில் எது என்பதை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றும் செய்யும் வேலை

சிங்க், ஒரே ஃபோல்டரைப் பல கணினிகளில் ஒரே நிலையில் வைத்திருக்கிறது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவற்றின் கணினிச் செயலிகள் இந்த வேலையைச் செய்கின்றன. அலுவலகத்தில் திருத்திய எக்செல் தாள் வீட்டு லேப்டாப்பிலும் திருத்திய நிலையிலேயே திறக்கும். கோப்பை அழிப்பதும் சிங்கைப் பொறுத்தவரை ஒரு மாற்றம்தான். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

ரெப்ளிகேஷனின் நோக்கம் வேலை நிற்காமல் இருப்பது. இரண்டு வட்டு கொண்ட நாஸ் பெட்டியில் ரெய்டு 1 அமைத்திருந்தால், எழுதப்படும் ஒவ்வொன்றும் இரு வட்டிலும் பதிகிறது. ஒரு வட்டு பழுதானால் மற்றது வேலையைத் தொடரும், யாரும் கணினியை விட்டு எழ வேண்டியதில்லை. ஒரு டேட்டாபேஸ் சர்வரின் எழுத்துகளை இன்னொரு சர்வர் உடனுக்குடன் வாங்கிக்கொள்வதும் இதே வகை. இது காப்பது இயந்திரம் பழுதாகும்போது மட்டுமே. மனிதர் தவறாக அழித்ததைக்கூட இரு வட்டும் ஒற்றுமையாகச் செய்து முடிக்கும்.

பேக்கப் என்பது குறிப்பிட்ட நேரத்தில் எடுத்து, பிறகு மாறாமல் வைக்கப்படும் படி. நேற்றைய படி, போன வாரப் படி, மார்ச் மாதப் படி என்று பல காலங்களின் படிகள் அருகருகே இருக்க வேண்டும். புதிய படி பழையதை அழித்துக்கொண்டு வருமானால் அதைப் பேக்கப் என்று சொல்ல முடியாது.

மூன்று இடத்தில் இருந்தும் காணாமல் போன ஃபோல்டர்

ஆறு கணினிகள் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணினி சர்வராக இருக்கிறது. டேலி தரவு `D:\TallyData` என்ற இடத்திலும், வாடிக்கையாளர் கோப்புகள் `D:\Office` என்ற இடத்திலும் உள்ளன. `D:\Office` ஃபோல்டர் இலவச கூகுள் டிரைவ் கணக்குடன் சிங்க் ஆகிறது. ஒவ்வோர் இரவும் அது ரெய்டு 1 நாஸுக்கும் பிரதியாகிறது. எண்ணிப் பார்த்தால் சர்வர், கூகுள், நாஸின் இரு வட்டு என்று நான்கு பிரதிகள் இருக்கின்றன.

ஏப்ரல் 3 அன்று, அதே கணக்குடன் சிங்க் ஆகும் லேப்டாப்பில் இடம் போதாமல், ஊழியர் ஒருவர் முடிந்துபோன ஆண்டின் ஃபோல்டர் ஒன்றை அழிக்கிறார். லேப்டாப்பில் மட்டும் அழித்ததாகவே அவர் நினைக்கிறார். சில நிமிடங்களில் அது கூகுளிலும் சர்வரிலும் அழிகிறது. அன்றிரவு நாஸ் பிரதி ஓடும்போது நாஸிலிருந்தும் போய்விடுகிறது. ரெய்டு 1 தன் கடமையைச் சரியாகச் செய்து, இரு வட்டிலும் அழித்துவிடுகிறது.

ஜூலை 10 அன்று ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும்போதுதான் ஃபோல்டரைத் தேடுகிறார்கள். இடையில் 98 நாட்கள் ஓடிவிட்டன. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாட்களில் காலியாகிவிடும். கட்டணக் கணக்கு என்றால் நிர்வாகி மேலும் 25 நாட்கள் வரை மீட்கலாம், அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது. அலுவலகக் கணக்கில் உள்ள ஒன்டிரைவின் குப்பைத்தொட்டி வழக்கமாக 93 நாட்கள் வைத்திருக்கும். அதுவும் ஐந்து நாள் முன்பே தாண்டிவிட்டது. குப்பைத்தொட்டி அன்றன்றைய கைத்தவறுக்கு உதவும், மூன்று மாதம் கழித்துத் தெரியவரும் இழப்புக்கு உதவாது. கணக்கு அலுவலகத்தில் இழப்புகள் பெரும்பாலும் அப்படித் தாமதமாகத்தான் தெரியவருகின்றன. முடிந்த ஆண்டின் கோப்பைத் தினமும் யாரும் திறப்பதில்லை.

மாதக் கடைசிப் படிகளை வைத்திருக்கும் பேக்கப் ஒன்று இருந்திருந்தால், மார்ச் 31 படியிலிருந்து பத்து நிமிடத்தில் ஃபோல்டர் திரும்பியிருக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தினசரிப் படிகள் இரண்டு வாரமும், வாரப் படிகள் இரண்டு மாதமும் மட்டுமே வைக்கப்படுகின்றன என்றால், ஏப்ரல் 1, 2 தேதிகளில் அந்த ஃபோல்டரில் செய்த வேலை ஜூலையில் கிடைக்காது. எத்தனை நாள் படியை வைப்பது என்று முடிவெடுக்கும்போது இந்த இடைவெளியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2017இல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன் பின்தங்கிப்போனது. அதைச் சரிசெய்ய, இரண்டாம் சர்வரின் தரவு ஃபோல்டரைக் காலிசெய்து மறுபடி தொடங்குவது திட்டம். பொறியாளர் அந்தக் கட்டளையை முதன்மைச் சர்வரில் தட்டிவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. இரண்டாம் சர்வரின் தரவு அதற்கு முன்பே காலிசெய்யப்பட்டிருந்தது.

தினசரி பேக்கப் ஓடுவதாகவே அனைவரும் நம்பியிருந்தார்கள். டேட்டாபேஸ் 9.6 பதிப்பாக இருக்க, பேக்கப் கருவி 9.2 பதிப்பாக இயங்கியதால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரால் நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அதற்குப் பிந்தைய ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இந்த விவரங்களை நிறுவனமே வெளியிட்டது. சிறு அலுவலகம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ரெப்ளிகேஷனைப் பழுதுபார்க்கும் நேரமே ஆபத்தான நேரம். தோற்றால் மட்டும் தகவல் தரும் பேக்கப்பை நம்ப முடியாது.

அமைக்கும் முறை

கீழே உள்ள வரிசை அதே ஆடிட்டர் அலுவலகத்துக்கானது. பேக்கப்புக்கு ரெஸ்டிக் என்ற இலவசச் செயலி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. வேறு செயலி பயன்படுத்தினாலும் வரிசை மாறாது.

1. எழுதிப் பட்டியலிடுதல். ஒவ்வொரு வகைத் தரவுக்கும் எதிரே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எத்தனை மணி நேர வேலை போனால் திரும்பச் செய்துகொள்ள முடியும்? எத்தனை மணி நேரம் வேலை நின்றால் பொறுத்துக்கொள்ள முடியும்? முதல் விடை பேக்கப் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டாவது விடை ரெப்ளிகேஷன் தேவையா என்பதைச் சொல்லும். அரை நாள் நின்றாலும் பரவாயில்லை என்றால், அந்தப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது வெளி வட்டுகள்.

2. டேலி தரவை சிங்க் ஃபோல்டருக்கு வெளியே வைத்தல். கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் பகிர வேண்டிய வேர்ட், எக்செல், பிடிஎஃப் கோப்புகளுக்கு மட்டும் போதும்.

3. நாஸில் பேக்கப்புக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குதல். அந்தக் கடவுச்சொல் ஊழியர் கணினி எதிலும் பதிந்திருக்கக் கூடாது. இரு வெளி யுஎஸ்பி வட்டுகள் வாங்கி ‘அ’, ‘ஆ’ என்று ஒட்டிவைக்க வேண்டும்.

4. சர்வர் கணினியில் ரெஸ்டிக்கை நிறுவி, பேக்கப் களஞ்சியத்தைத் தொடங்குதல். `setx` கட்டளைகளுக்குப் பிறகு கட்டளைச் சாளரத்தை மூடி, புதிதாகத் திறந்துதான் மூன்றாவது வரியைத் தட்ட வேண்டும்.

```
setx RESTIC_REPOSITORY \\NAS\kaappu
setx RESTIC_PASSWORD_FILE C:\restic\pw.txt
restic init
```

`pw.txt` கோப்பில் உள்ள கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, அலுவலகத்துக்கு வெளியே பூட்டிவைக்க வேண்டும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே சேமிக்கிறது. கடவுச்சொல் தொலைந்தால் படிகளை யாராலும் திறக்க முடியாது. சர்வர் எரிந்துபோனால் அந்தக் கோப்பும் சேர்ந்தே போகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

5. இரவு 9 மணிக்கு, எல்லோரும் டேலியை மூடிய பிறகு, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் மூலம் இவற்றை ஓட்டுதல்:

```
restic backup D:\Office D:\TallyData --use-fs-snapshot
restic forget --keep-daily 14 --keep-weekly 8 --keep-monthly 24 --keep-tag FYEND --prune
```

`--use-fs-snapshot` என்பது, யாரேனும் கோப்பைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாலும் ஒரே நொடியின் நிலையைப் படியெடுக்க உதவும். இதற்கு நிர்வாகி உரிமை தேவை. ஆகவே ஷெட்யூலரில் `Run with highest privileges` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6. நிதியாண்டு முடிவின் படியைத் தனியே அடையாளமிடுதல். இதுபோன்ற செயலிகளில் ஆண்டுப் படி என்றால் டிசம்பர் கடைசியின் படி. கணக்கு அலுவலகத்துக்குத் தேவை மார்ச் 31. அன்றிரவு `restic backup` கட்டளையுடன் `--tag FYEND` சேர்த்து ஓட்டினால், மேலே உள்ள `--keep-tag` அந்தப் படியை அழியாமல் காக்கும். கம்பெனிகள் சட்டத்தின்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுகள் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் இருக்க வேண்டும். 24 மாதப் படிகள் மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெரியும்.

7. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு யுஎஸ்பி வட்டைச் செருகி, அதில் தனிக் களஞ்சியமாகப் பேக்கப் எடுத்து, உடனே கழற்றுதல். வட்டில் முதல்முறை மட்டும் `restic -r E:\kaappu init` கொடுக்க வேண்டும். ஒரு வாரம் ‘அ’, அடுத்த வாரம் ‘ஆ’. அலுவலகத்தில் எப்போதும் அதிகபட்சம் ஒரு வட்டுதான் இருக்கலாம், மற்றது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

குறிப்பு: கணக்குப் புத்தகங்களை மின்வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினந்தோறும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனி கணக்கு விதிகள் கூறுகின்றன. வாடிக்கையாளர் கம்பெனிகளின் புத்தகத்தை அலுவலகமே பராமரித்தால், வாரப் பேக்கப் மட்டும் போதாது.

அடிக்கடி நேரும் பிழைகள்

மிகப் பரவலான பிழை, இரவுதோறும் ஓடும் ஒரு வரிக் கட்டளை:

```
robocopy D:\Office \\NAS\Office /MIR
```

பல அலுவலகங்களில் இதற்குப் பெயரே பேக்கப். உண்மையில் `/MIR` என்பது இலக்கை மூலத்தின் அச்சாக ஆக்குவது. மூலத்தில் இல்லாத எதையும் அது இலக்கிலிருந்து நீக்கிவிடும். ஏப்ரல் 3 இரவு நாஸிலிருந்து ஃபோல்டரை அழித்தது இப்படிப்பட்ட கட்டளைதான். இது நாளுக்கு ஒருமுறை ஓடும் சிங்க், அவ்வளவே. விண்டோஸ் அல்லாத கணினிகளில் `rsync --delete` செய்வதும் இதையேதான். அலுவலகத்தில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை போதும். வேண்டாத கோப்பு ஒன்றை உருவாக்கி, ஓர் இரவு கடந்ததும் அழித்து, இன்னும் ஓர் இரவு கழித்து இரண்டாவது இடத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அங்கேயும் இல்லாவிட்டால் அது பேக்கப் இல்லை.

அடுத்தது, டேலி தரவை சிங்க் ஃபோல்டருக்குள் வைப்பது. டேலியின் ஒரு கம்பெனித் தரவு ஒன்றோடொன்று தொடர்புடைய பல கோப்புகளால் ஆனது. சிங்க் செயலி அவற்றை ஒவ்வொன்றாக, வெவ்வேறு நொடிகளில் ஏற்றும். ஒரு கோப்பு மதிய நிலையிலும் மற்றொன்று சற்று முந்தைய நிலையிலும் மேலே போய்ச் சேரும். அந்தப் பிரதியை இறக்கினால் கம்பெனி திறக்காமல் போகலாம், அல்லது திறந்தும் கணக்கு தவறலாம். இரண்டு பேர் இரண்டு கணினியில் அதே தரவைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கோப்புப் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயரோ எண்ணோ ஒட்டிய இரட்டைக் கோப்புகள் ஃபோல்டரில் தென்பட்டால், இந்தச் சிக்கல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது பிழை எளியது, ஆனால் கடுமையானது. யுஎஸ்பி வட்டை எடுக்க மறந்து சர்வரிலேயே செருகியபடி விட்டுவிடுவது. சர்வரை எட்டும் ரான்சம்வேருக்கு அந்த வட்டும் இன்னொரு டிரைவ் மட்டுமே.

நாஸின் ஸ்னாப்ஷாட் வசதியைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாஸ் பெட்டிகள் வைத்து, ஒன்றின் ஸ்னாப்ஷாட்களை மற்றதில் தேதி வாரியாகச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. பழைய நிலைகள் இரண்டாவது பெட்டியில் நிற்பதால் அது பேக்கப்புக்கு நெருங்கி வருகிறது. ஆனால் இரு பெட்டிக்கும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல் இருந்தால், அது கசிந்த அன்று இரண்டும் போகும். கழற்றிவைத்த வட்டின் இடத்தை அது நிரப்பாது.

ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளுதல்

தோல்விக்கு மட்டும் மின்னஞ்சல் வரும்படி அமைத்தால், மௌனம் வெற்றியாகத் தோன்றும். தினமும் முடிவு எதுவானாலும் தகவல் வர வேண்டும். வராத நாளே எச்சரிக்கை நாள். திங்கட்கிழமை காலை ஒருவர் `restic snapshots` என்று தட்டி, கடைசித் தேதியை நோட்டில் எழுதினாலே சிறு அலுவலகத்துக்குப் போதுமானது. மாதம் ஒருமுறை `restic check` ஓட்டினால் களஞ்சியத்தின் கட்டமைப்பு சரிபார்க்கப்படும்.

சேர்ந்த தரவின் அளவையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பேக்கப்பின் முடிவிலும் ரெஸ்டிக் புதிதாக எவ்வளவு சேர்ந்தது என்று காட்டும். வழக்கமாகச் சில நூறு எம்பி சேரும் இடத்தில் திடீரென்று மொத்தத் தரவின் அளவே சேர்ந்தால், கோப்புகள் எல்லாம் ஒரே இரவில் மாறியிருக்கின்றன, அல்லது அந்த அளவுக்குப் புதிய கோப்புகள் வந்திருக்கின்றன என்று பொருள். யாரோ பெரிய புதிய ஃபோல்டரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம், ரான்சம்வேர் மறையாக்கம் தொடங்கியும் இருக்கலாம். எதுவென்று தெரியும்வரை யுஎஸ்பி வட்டைச் செருகக் கூடாது.

மீட்டுப் பார்த்தல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

1. `restic snapshots` மூலம் பழைய படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் அடையாள எண்ணைக் குறித்தல்.

2. அசல் இடத்தின் மேல் எழுதாமல், வேறு வட்டில் மீட்டல். அடையாள எண்ணும் ஃபோல்டர் பெயரும் இடத்துக்கேற்ப மாறும்:

```
restic restore 4f1c2a9b --target F:\meetpu --include "/D/Office/Kanakku"
```

3. கோப்புகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் திறந்து பார்த்தல். டேலி தரவு என்றால், மீட்ட ஃபோல்டரை வேறு இடமாகவே டேலியில் காட்டித் திறந்து, ஒரு தேதியின் பேலன்ஸ் ஷீட்டை அச்சுப்பிரதியோடு ஒப்பிட வேண்டும்.

4. தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஆன நேரத்தைக் குறித்தல். அமைக்கும்போது பட்டியலில் எழுதிய இரண்டாவது விடையோடு அதை ஒப்பிட வேண்டும். அரை நாள் பொறுக்கலாம் என்று எழுதியிருக்க, மீட்க ஒன்றரை நாள் ஆகிறது என்றால் அங்கேதான் ரெப்ளிகேஷனுக்குச் செலவழிப்பது நியாயமாகும்.

எச்சரிக்கை: டேலிக்குள்ளேயே உள்ள `Restore` வசதியைப் பயன்படுத்தும்போது, இலக்காகக் கம்பெனி இப்போது இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்தால் பழைய படி இன்றைய தரவின் மேல் எழுதப்படும். மீட்கப் போய் இன்றைய வேலையை இழப்பது இப்படித்தான். எப்போதும் காலியான புதிய ஃபோல்டரையே கொடுக்க வேண்டும்.

ரான்சம்வேர் என்று சந்தேகம் வந்தால்

1. பாதிக்கப்பட்ட கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்தல். சிங்க் மேலும் பரவாமல் நிற்கும்.

2. மற்ற கணினிகளில் சிங்க் செயலியை நிறுத்திவைத்தல். நாஸையும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றுதல்.

3. இரவு பேக்கப்பை ஷெட்யூலரில் முடக்குதல். கெட்ட படிகள் சேரச் சேர, `forget` கட்டளை நல்ல தினசரிப் படிகளைக் காலாவதியாக்கிக்கொண்டே போகும்.

4. சுத்தமாக விண்டோஸ் நிறுவிய வேறொரு கணினியில் மட்டும் யுஎஸ்பி வட்டைச் செருகி, தாக்குதலுக்கு முந்தைய தேதியின் படியை மீட்டல். இரு வட்டில் ஒன்றை மட்டும் முதலில் எடுக்க வேண்டும். அந்தப் படி திறந்து சரிபார்க்கப்படும்வரை மற்றது பூட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.

5. மீட்ட தரவு சரியாக இருப்பது உறுதியான பிறகே சிங்கை மறுபடி இயக்குதல். அதற்கு முன் மேகக் கணக்கில் உள்ள மறையாக்கப்பட்ட கோப்புகளை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை மீட்ட ஃபோல்டருக்குள் திரும்ப இறங்கிவிடும்.